மின்சார பில்லில் மாவுக்கு எவ்வளவு, கோல்ட் ரூமுக்கு எவ்வளவு?

கேள்வி: ஐயா, வணக்கம். உட்லண்ட்ஸில் ஒரு சிறிய யூனிட் எடுத்து இட்லி, தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். தேக்கா பக்கம் ஓர் உணவகம் மாதம் கூடுதலாக 500 கிலோ கேட்கிறது. விலை சொல்ல வேண்டும். மின்சாரத்தைக் கிலோவுக்கு எவ்வளவு என்று போடுவது? ஜூலை பில்லை மாவின் எடையால் வகுத்தால் 27 காசு வருகிறது, அக்டோபரில் 18 காசுதான் வருகிறது. எதை நம்புவது? எட்டு மாதக் கணக்கையும் எங்கள் குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வணக்கம் சகோதரி. இரண்டையும் நம்ப வேண்டாம். இரண்டும் சராசரிகள். புதிய ஆர்டருக்குத் தேவை சராசரி அல்ல, இன்னும் ஒரு கிலோ அரைத்தால் பில் எவ்வளவு ஏறும் என்ற எண்.

உங்களைப் போன்ற சிறிய யூனிட்டின் மின்சார பில்லில் மாதாந்தர வாடகை என்று தனி வரி இருக்காது. எத்தனை யூனிட் மின்சாரம் ஓடியதோ அத்தனைக்கும் ஒரே விலை. அதைப் பார்த்து, மின்சாரம் முழுக்க மாறும் செலவு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். யூனிட்டைப் பொறுத்தவரை அது சரி. மாவைப் பொறுத்தவரை சரியில்லை. கோல்ட் ரூம் நீங்கள் 2,000 கிலோ அரைத்தாலும் 3,600 கிலோ அரைத்தாலும் இரவு பகலாக ஓடுகிறது. விளக்கு, புகைபோக்கி விசிறி எல்லாம் அப்படித்தான். கிரைண்டர் மட்டும் மாவின் அளவுக்கு ஏற்ப ஓடும். அரைத்துச் சூடாக வரும் மாவைக் குளிர வைக்கும் வேலையும் அளவோடு கூடும். ஆக ஒரு பகுதி நிலையானது, ஒரு பகுதி மாவோடு மாறுவது. இது கலப்புச் செலவு. இதைப் பிரிக்க, இரண்டு மாதங்களை மட்டும் ஒப்பிடும் உயர்-தாழ்வு முறை போதும், ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் செய்துவிடலாம்.

வெள்ளிக் கணக்கில் செய்யாமல் யூனிட் கணக்கில் செய்வோம். சிங்கப்பூரில் மின்சாரக் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஜூலையையும் அக்டோபரையும் வெள்ளியில் ஒப்பிட்டால், விலை மாறியதையும் மாவு கூடியதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வோம். அதோடு, தண்ணீரும் ஒரே பில்லில் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு மின்சார வரியை மட்டும் எடுங்கள்.

உங்கள் கணக்கு இது:

| மாதம் | மாவு (கிலோ) | மின்சாரம் (யூனிட்) |
|---|---|---|
| மார்ச் | 2,400 | 1,910 |
| ஏப்ரல் | 3,000 | 2,040 |
| மே | 2,700 | 2,450 |
| ஜூன் | 900 | 1,030 |
| ஜூலை | 2,000 | 1,800 |
| ஆகஸ்ட் | 2,900 | 2,040 |
| செப்டம்பர் | 2,600 | 1,930 |
| அக்டோபர் | 3,600 | 2,200 |

பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரையோ அதே நாட்களின் மாவைக் கூட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம். பலர் மாத பில்லை நாள்காட்டி மாத உற்பத்தியோடு சேர்த்துவிட்டு, கணக்கு ஒத்துவரவில்லை என்பார்கள்.

இப்போது எந்த இரண்டு மாதம்? இங்கேதான் ஆட்கள் தவறுகிறார்கள். மிக அதிகமான பில்லும் மிகக் குறைந்த பில்லும் என்று எடுக்கக் கூடாது. மாவு மிக அதிகமான மாதம், மாவு மிகக் குறைந்த மாதம். பில் விளைவு, அரைத்த அளவுதான் காரணம். காரணத்தை வைத்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பில்லை வைத்து எடுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் எண்களே காட்டுகின்றன. மிக உயர்ந்த பில் மே மாதம், 2,450 யூனிட். மிகக் குறைந்த பில் ஜூன், ஆனால் அதில் வேறு சிக்கல் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அதனால் அடுத்துக் குறைந்த ஜூலையோடு மே மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். 700 கிலோ வித்தியாசத்துக்கு 650 யூனிட், கிலோவுக்கு ஏறக்குறைய 0.93 யூனிட். ஜூலையின் 2,000 கிலோவுக்கு அந்தக் கணக்கில் மட்டும் 1,857 யூனிட் ஆகிவிடும். ஆனால் ஜூலை பில் மொத்தமே 1,800. அப்படியானால் நிலையான பகுதி பூஜ்யத்துக்கும் கீழே போகிறது! கோல்ட் ரூம் மின்சாரத்தைத் தயாரித்துத் தந்தால்தான் உண்டு. இப்படி எதிர்மறை எண் வந்தால் தேர்ந்தெடுத்த மாதங்களில் ஒன்று சரியில்லை என்று அர்த்தம். மே மாதக் குறிப்பில் கோல்ட் ரூம் கதவு ரப்பர் கிழிந்து, மாற்ற மூன்று வாரம் ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்தின் மின்சாரம் மாவுக்குப் போகவில்லை, கதவு இடுக்கு வழியாகப் போனது.

சரி, மாவை வைத்தே எடுப்போம். அதிகம் அக்டோபர், குறைவு ஜூன். வித்தியாசம் 2,700 கிலோ, 1,170 யூனிட். கிலோவுக்கு 0.43 யூனிட், நிலையானது 640 யூனிட். எதிர்மறை இல்லை, பார்க்க ஒழுங்காக இருக்கிறது. இதுதான் ஆபத்தான வகை, ஏனென்றால் பார்த்தவுடன் சந்தேகம் வராது. சோதிக்க ஒரு வழி உண்டு. பயன்படுத்தாத ஒரு மாதத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜூலை 2,000 கிலோவுக்கு 1,507 யூனிட் என்று சொல்கிறது. நிஜம் 1,800. கிட்டத்தட்ட முந்நூறு யூனிட் இடிக்கிறது.

காரணம் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது. ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது இரண்டு வாரம் கடையை மூடி, கோல்ட் ரூமையும் அணைத்துவிட்டீர்கள். அந்த மாதம் உங்கள் வழக்கமான மாதங்களின் சிறிய வடிவம் அல்ல, வேறு மாதிரியான மாதம். மாவு குறைந்ததோடு நிலையான செலவே பாதியில் நின்றுவிட்டது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மே, ஜூன் இரண்டையும் தள்ளிவிட்டால் மிச்சமுள்ளவற்றில் அதிகம் அக்டோபர், குறைவு ஜூலை.

மின்சார வித்தியாசம் 2,200 − 1,800 = 400 யூனிட்.
மாவு வித்தியாசம் 3,600 − 2,000 = 1,600 கிலோ.
ஒரு கிலோவுக்கு 400 ÷ 1,600 = 0.25 யூனிட்.

அக்டோபரில் மாவுக்குப் போனது 3,600 × 0.25 = 900 யூனிட். மொத்தத்தில் அதைக் கழித்தால் 1,300 யூனிட் நிலையானது. ஜூலையிலும் கழித்துப் பாருங்கள், 1,800 − 500, அதே 1,300. இந்தப் பொருத்தத்தைக் கண்டு மகிழ வேண்டாம். இரண்டு புள்ளிகளிலிருந்து எடுத்த எண் அந்த இரண்டுக்கும் எப்போதும் பொருந்தும். உங்கள் கூட்டல் கழித்தல் சரி என்பதற்கு மேல் அது ஒன்றையும் நிரூபிக்காது. சோதனை இடைப்பட்ட மாதங்களில் இருக்கிறது. மார்ச்சுக்குக் கணக்கு சொல்வது 1,900, நிஜம் 1,910. ஏப்ரலுக்கு 2,050, நிஜம் 2,040. ஆகஸ்டுக்கு 2,025, நிஜம் 2,040. செப்டம்பருக்கு 1,950, நிஜம் 1,930. இருபது யூனிட்டுக்குள் எல்லாம் நிற்கிறது. இது போதும்.

இந்த முறை ஆறு மாதத்தில் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு நான்கைத் தூக்கிப் போடுகிறது என்று உங்கள் வீட்டில் யாராவது கணக்கியல் படிப்பவர் சொல்லக்கூடும். சொல்வது நியாயம்தான். ஸ்பிரெட்ஷீட்டில் அந்த ஆறு மாதங்களை இட்டு, கிலோவை B-யிலும் யூனிட்டை C-யிலும் வைத்து இதைத் தட்டுங்கள்:

```
=SLOPE(C2:C7,B2:B7)
=INTERCEPT(C2:C7,B2:B7)
```

0.2495 என்றும் ஏறக்குறைய 1,300 என்றும் வரும். உங்கள் இரண்டு மாதங்களும் நல்ல மாதங்களாக அமைந்ததால் வந்த ஒற்றுமை இது. அவற்றில் ஒன்று மே போல ஒரு மாதமாக இருந்திருந்தால் இரண்டு விடைகளும் வெவ்வேறு திசையில் போயிருக்கும்.

இன்னொன்றையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்து படிப்பார்கள். இடைப்பட்ட மாதத்தில் மதிப்பீடு. தேர்ந்தெடுத்த மாதம் மதிப்பீடாக இருந்தால், முன்பு எவ்வளவு ஓடியது என்பதைப் பார்த்து ஊகித்த எண்ணைத்தான் நீங்கள் மாவோடு ஒப்பிடுகிறீர்கள். ஸ்மார்ட் மீட்டர் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

1,300 யூனிட் நம்பத்தக்கதா என்று மீட்டரையே கேட்கலாம். மாவு அரைக்காத விடுமுறை நாள் ஒன்றில், முதல் நாள் கடை சாத்தும்போதும் மறுநாள் அதே நேரத்திலும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நாளுக்கு 1,300 என்றால் ஒரு நாளைக்கு 43. வேலை நேர விளக்கும் விசிறியும் அன்று ஓடாததால் சற்றுக் குறைவாக வரும். பாதிக்கும் கீழே வந்தால் கணக்கை மறுபடி பாருங்கள்.

இனி வெள்ளிக்கு வருவோம். யூனிட் 30 காசு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் புதிய பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டிக்குப் பதிந்திராத தொழில் என்றால் 9 விழுக்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை நீங்கள் திரும்பப் பெற முடியாது. வரிக்கு முன் மாறும் பகுதி கிலோவுக்கு ஏழரைக் காசு. நிலையானது மாதம் 390 வெள்ளி. இதனால்தான் ஜூலையில் 27 காசும் அக்டோபரில் 18 காசும் வந்தது. அதே 390 வெள்ளியை ஜூலையில் 2,000 கிலோவும் அக்டோபரில் 3,600 கிலோவும் பங்கிட்டுக்கொண்டன.

தேக்கா ஆர்டரின் 500 கிலோ உங்கள் மின்சார பில்லில் கூட்டுவது மாதம் 37 வெள்ளி 50 காசு. 27 காசு வைத்திருந்தால் 135 வெள்ளி போட்டிருப்பீர்கள். இது கூடுதல் செலவு மட்டுமே, விலை அல்ல. அந்த 390 வெள்ளியில் உணவகத்தின் பங்கு என்ன என்பது பேரத்தில் நீங்கள் முடிவு செய்வது. ஏழரைக் காசுக்குக் கீழே இறங்கினால் மின்சாரத்திலேயே நட்டம் என்பது மட்டும் நிச்சயம்.

இந்த எண்கள் 2,000 முதல் 3,600 கிலோவுக்குள் மட்டும் பேசும். வழக்கமான மாதம் 2,700 கிலோ என்றால், 500 கூடினாலும் 3,200, பிரச்சினை இல்லை. தீபாவளி மாதத்தில் 3,600-உடன் 500 சேர்ந்தால் 4,100. அந்த அளவு உங்கள் கோல்ட் ரூமில் அடங்குமா என்று அளந்து பாருங்கள். அடங்காமல் இன்னொரு குளிர்பதனப் பெட்டி வாங்க நேர்ந்தால், நிலையான 1,300 ஒரே அடியாக மேலே ஏறும். அது ஆண்டு முழுவதும் ஓடினால் மற்ற மாதங்களிலும் உங்கள் பில்லில் நிற்கும். உணவகத்திடம் ஒப்பந்தம் பேசும்போது அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் அளவைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள்.