பின் பெஞ்சுக்குப் போகாத கேள்விகள்

"ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. வகுப்பில் 36 பேர். நான் சாதி பார்க்கிறவள் அல்ல. யார் என்ன சாதி என்று கேட்டதும் இல்லை. ஆனால் என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்த சக ஆசிரியர், 'நீங்கள் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் பாடம் நடத்துகிறீர்கள். காலனிப் பிள்ளைகள் எல்லாம் பின்னால்தான் இருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உண்மை என்றால் என்ன செய்வது? இடம் மாற்றி உட்காரவைத்தால் சில பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்ற பயமும் இருக்கிறது."

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, தென் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

கோபம் வந்ததில் தவறில்லை. ஆனால் உங்கள் மனத்தைத் துருவிப் பார்த்து இதற்கு விடை கண்டுபிடிக்க முடியாது. மனம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும். யார் என்ன சாதி என்று நீங்கள் கேட்டதில்லை என்பதை நம்புகிறேன். கேட்க வேண்டிய தேவையே இல்லையே! எந்தத் தெருவிலிருந்து நடந்து வருகிறார்கள், சீருடை எத்தனை வருடம் பழையது, வாயைத் திறந்தால் எந்த வழக்கு வருகிறது, உதவித்தொகைப் படிவம் வந்தால் யார் பெயர் வாசிக்கப்படுகிறது என்று எல்லாமே தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே மனத்தை விட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் வகுப்பை மேலிருந்து பார்ப்பதுபோல் 36 கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கட்டும். சாதி, தெரு எதுவும் அந்தத் தாளில் ஏறக் கூடாது. உங்களைக் குறை சொன்ன அதே ஆசிரியரையே ஒரு பாடவேளை பின்னால் வந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் அவர் ஒரு கோடு போட வேண்டும். கேள்வி 'ஏன்', 'எப்படி' என்ற வகையாக இருந்தால் கோட்டுக்குப் பதில் ஒரு வட்டம். பாராட்டினால் ஒரு கூட்டல் குறி. பிள்ளை வாயெடுப்பதற்குள் கேள்வியை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டால் ஒரு பெருக்கல் குறி. வேறு எதுவும் வேண்டாம். மாணவர்களிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாள் எப்படி இருக்கக்கூடும் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். வரிசைக்கு 6 பேராக 6 வரிசை. நாற்பது நிமிடத்தில் 24 கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். சமமாகப் பிரிந்திருந்தால் முன் இரண்டு வரிசைக்கு 8, நடுவுக்கு 8, பின்னுக்கு 8. தாளில் இருப்பதோ 15, 6, 3. பின்னால் போன அந்த மூன்றையும் உற்றுப் பாருங்கள். ஒன்று, "கவனிக்கிறாயா?" இன்னொன்று, "இந்தப் பத்தியை வாசி." மூன்றாவது, ஒரு வார்த்தையில் பதில் வரும் கேள்வி. வட்டங்கள் ஆறு, ஆறும் முன் வரிசையில். அதிலும் எப்போதும் கையைத் தூக்கும் நான்கு பேருக்குள்ளேயே அவை அடங்கிவிட்டன. எண்ணிக்கையைவிட இந்த வட்டங்கள்தான் முக்கியம். ஒரு பிள்ளையிடம் யோசிக்க வைக்கும் கேள்வியே வராவிட்டால், அந்தப் பிள்ளை யோசிக்கிறது என்று காட்டுவதற்கு வழியே இல்லாமல் போகிறது.

ஒரே தாளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு பாடவேளையில் நாலைந்து கேள்விகள் அப்படி இப்படிப் போவது தற்செயலாகவும் நடக்கும். மூன்று தாள்கள் சேரட்டும். மூன்றிலும் ஒரே கட்டங்கள் வெறுமையாக இருந்தால், அப்போது வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்தப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் ஒரே தெருவா? வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களா? முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருகிறவர்களா? அந்தக் கணக்கு உங்களோடு இருந்தால் போதும்.

இனி இருக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் அதுவே சிகிச்சை, அதுவே பரிசோதனை. "உயரமானவர்கள் பின்னால்" என்பது பல வகுப்புகளில் எழுதப்படாத விதி. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் தாமதமாகச் சேர்ந்த பிள்ளை, இடையில் படிப்பு நின்று திரும்பி வந்த பிள்ளை இவர்கள்தான் பெரும்பாலும் வகுப்பில் வயதும் உயரமும் கூடியவர்கள். "நட்பாக இருப்பவர்கள் சேர்ந்து உட்காருங்கள்" என்றாலோ தெருவே அப்படியே வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. நல்ல தொடக்கம். ஆனால் அகரவரிசையை ஆண்டு முழுவதும் அசையாமல் வைத்திருந்தால் 'வ' வரிசைப் பிள்ளை ஆண்டு முழுவதும் பின்னால்தான். ஆகவே அகரவரிசையில் உட்காரவைத்து, வாரத்துக்கு ஒருமுறை கடைசி இரண்டு வரிசைகளை முன்னுக்குக் கொண்டுவந்து மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கண்பார்வை, காது இவற்றில் குறை உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

இடம் மாறியதும் மறுபடியும் தாளை எடுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். முன்னுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கேள்விகள் கூடியிருந்தால், உங்கள் கண் இடத்தைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறது. பழக்கக் கோளாறு, சரிசெய்வது எளிது. முன் பெஞ்சுக்கு வந்த பிறகும் அதே பிள்ளைகளின் கட்டங்கள் வெறுமையாக இருந்து, பின்னால் போன அந்த நான்கு பேரை உங்கள் கேள்விகள் தேடிப் போயிருந்தால், கோளாறு இடத்தில் இல்லை. "இவனுக்கு எங்கே தெரியப்போகிறது" என்று உங்களுக்கே தெரியாமல் முடிவுகட்டியிருக்கிறீர்கள். அது கசப்பான செய்திதான். ஆனால் அதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்.

அப்படி என்றால் கேட்கும் முறையை மாற்ற வேண்டும். பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி எடுப்பது பலர் செய்வது. ஆனால் ஐந்து ஆண்டுகளாக யாரும் எதுவும் கேட்காத பிள்ளையைத் திடீரென்று எழுப்பினால் அது தண்டனைபோல் ஆகிவிடும். முதலில் கேள்வி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேச நேரம், அதன் பிறகு சீட்டு. எழுந்த பிள்ளையிடம் தன் பதிலோ பக்கத்துப் பிள்ளையின் பதிலோ ஒன்று இருக்கும். பெயரைச் சொன்ன பிறகு குறைந்தது மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அளந்து காட்டினார். நன்றாகப் படிப்பவர் என்று தாங்கள் நினைக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் காத்திருக்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. மூன்று விநாடி ஆனதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். சீட்டு முறையில் ஒரு திருட்டும் உண்டு: பெயரைப் பார்த்ததும் கேள்வியை எளிதாக்கிவிடுவது. கேட்ட கேள்வி கேட்டதுதான்.

மொழி விஷயத்தை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். ஈரத் துணியை எங்கே காயப்போட்டால் சீக்கிரம் உலரும், ஏன் என்று கேட்கிறீர்கள். ஒரு பையன், "வெயில்ல போட்டா சூட்டுக்கு தண்ணி காத்தோட போயிரும் டீச்சர். மடக்கிப் போட்டா காயாது" என்கிறான். நீங்கள், "தண்ணீர் என்று சொல்" என்று திருத்துகிறீர்கள், வகுப்பு சிரிக்கிறது. அடுத்து முன் வரிசைப் பெண், "ஆவியாதல், டீச்சர்" என்கிறாள். "வெரி குட்!"

நியாயமாகப் பாருங்கள். அந்தப் பெண் சொன்னது புத்தகத்தில் இருக்கும் சொல். அந்தப் பையன் சொன்னதில் வெப்பம் இருக்கிறது, பரப்பு இருக்கிறது, நீர் காற்றோடு கலக்கிறது என்பதும் இருக்கிறது. அறிவியல் அவனிடம்தான் இருந்தது. அவனிடம் கேட்டிருக்க வேண்டியது, "மடக்கிப் போட்டால் ஏன் காயாது?" என்ற அடுத்த கேள்வி. அவன் சொல்லி முடித்ததும், "இவன் சொன்னதற்கு ஆவியாதல் என்று பெயர்" என்று கரும்பலகையில் எழுதியிருக்கலாம். எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு நோட்டில் எழுதும் நேரம் இருக்கிறது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ இந்தியோ பேசிவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். முதலில் கருத்து, பிறகு சொல்.

பாராட்டுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. உங்கள் கூட்டல் குறிகள் எதற்காக விழுந்தன என்று அந்த ஆசிரியரைக் கேளுங்கள். அட்டை போட்ட நோட்டு, அழகான கையெழுத்து, தெளிவான உச்சரிப்பு இவற்றுக்கே பெரும்பாலும் விழுந்திருந்தால், நீங்கள் பாராட்டியது அந்த வீட்டின் வசதியை. இதைவிட மோசமான பாராட்டு ஒன்று இருக்கிறது: "பரவாயில்லையே, நீயே சொல்லிவிட்டாயே!" நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் "உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்" என்பதை வகுப்பு முழுவதற்கும் அறிவிக்கிற வாக்கியம் அது. பாராட்டும்போது பிள்ளை செய்ததைச் சொல்லுங்கள்: "மடக்கிய துணியையும் விரித்த துணியையும் ஒப்பிட்டுப் பார்த்தாயே, அது சரியான வழி." யார் சொன்னாலும் இதே அளவு வியப்பு, இதே குரல்.

கூடவே ஒன்று. தலைமையாசிரியர் அறைக்கு நோட்டு எடுத்துப் போவது யார், குப்பைக் கூடையைக் கொட்டப் போவது யார் என்றும் ஒரு வாரம் பாருங்கள். இரண்டாவது வேலை ஒரே பிள்ளைகளுக்குப் போனால், அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். மூன்று தாள் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். உதவித்தொகைக்காகப் பிள்ளைகளைச் சாதி சொல்லி எழுந்து நிற்கச் சொல்வதும் அப்படியே. தனியாகக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெற்றோரைப் பற்றிய பயம் வீணானது அல்ல. ஆகவே இதை உங்கள் தனி முயற்சியாக ஆரம்பிக்காதீர்கள். வாரச் சுழற்சியை எல்லா வகுப்புக்குமான பள்ளி விதியாகத் தலைமையாசிரியரைக் கொண்டு அறிவிக்கச் செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பதிவாகட்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்வது தலைமையாசிரியருக்குத் துணையாக இருக்கும். யாராவது வந்து நின்றால் சாதியைப் பற்றி விவாதிக்காதீர்கள். "எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடத்திலும் உட்காருவார்கள், அடுத்த வாரம் மாறிவிடும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கும் மேல் அழுத்தினால், காரணத்தை எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். கண்ணில் பிரச்சினை, காது கேட்காது என்றால் எழுதித் தருவார்கள். மற்ற காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட அவ்வளவு எளிதில் யாரும் முன்வர மாட்டார்கள்.