குறி எப்போது திரும்பும்?

அண்ணா, தங்கச்சி பதினொன்றாம் வகுப்பு. 1/x < 1/2 என்ற கணக்குக்கு x > 2 என்று எழுதினாள், மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். தலைகீழாக்கினால் குறி திரும்பும் என்றுதானே நாமும் படித்தோம்? டீச்சரிடம் போய்க் கேட்கலாமா? நல்ல கைடு எது?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

போக வேண்டாம், டீச்சர் செய்தது சரி. கைடு பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

x-க்கு −1 போட்டுப் பார். 1/x-ம் −1தான், அது 1/2-ஐ விடச் சிறியது. ஆனால் தங்கை எழுதிய விடைக்குள் −1 இல்லை. குறை எண்கள் மொத்தமும் இப்படி வெளியே நிற்கின்றன.

"தலைகீழாக்கினால் குறி திரும்பும்" என்று மந்திரம் போலச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் எங்களுக்கு டியூஷன் எடுத்த அக்கா அந்த வாக்கியத்தைச் சொல்லவே விடமாட்டார். "இரண்டு பக்கத்தையும் எதால வகுத்தே, அதைச் சொல்லு முதல்ல" என்பார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்விதான் எனக்குக் கைகொடுக்கிறது.

a < b என்றால் இரண்டு பக்கத்தையும் ab-ஆல் வகுக்கிறோம். இடப்பக்கம் 1/b ஆகிறது, வலப்பக்கம் 1/a. கவனித்தாயா, இருவரும் இடம் மாறிவிட்டார்கள். 2 < 3 என்பதை 6-ஆல் வகுத்தால் 1/3 < 1/2. குறி அப்படியே இருக்கிறது. பழைய வரிசையில் திருப்பி எழுதும்போதுதான் 1/2 > 1/3 என்று புரண்டதாகத் தெரிகிறது. இரண்டுமே குறை எண்ணாக இருந்தாலும் பெருக்கல் மிகைதான், அதனால் அங்கேயும் இதே கதை. −3 < −2 என்பது −1/2 < −1/3 ஆகும்.

ஒன்று குறை, ஒன்று மிகை என்றால்? −2 < 3 என்பதை −6-ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுப்பதால் குறி நிஜமாகவே திரும்புகிறது: 1/3 > −1/2. இடமும் மாறியது, குறியும் மாறியது. பழைய வரிசையில் எழுதினால் −1/2 < 1/3. மொத்தத்தில் எதுவும் திரும்பவில்லை! பூஜ்யம் இருந்தால் தலைகீழே கிடையாது, அங்கேயே நிறுத்திக்கொள்.

திருவொற்றியூரிலிருந்து பீச்சுக்கு ரயில் வேகமாகப் போனால் நேரம் குறையும். வேகமும் நேரமும் மிகை எண்கள், அதனால் அங்கே அரைகுறை விதியும் செல்லும். x அப்படியில்லை. அது மிகையா குறையா என்று தெரியாமல் அதைத் தலைகீழாக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

தங்கையை இரண்டாகப் பிரிக்கச் சொல். x மிகை என்றால் 2x-ஆல் பெருக்கு: 2 < x. x குறை என்றால் பெருக்கும்போது குறி திரும்பி 2 > x வரும். குறை எண் எல்லாமே 2-க்குக் கீழேதானே, எல்லாமே விடை. ஆக x > 2 அல்லது x < 0.

அப்புறம் 1/x > −1/3 கொடு. x > 0 என்று மட்டும் எழுதினால் −6 போட்டுப் பார்க்கச் சொல்; x < −3 என்ற துண்டும் கிடைக்கும்.