பூட்டின கதவுக்கு வெளிய நின்னு பேசும்போது அட்வைஸை எப்ப ஆரம்பிக்கறது?

கேள்வி: சார், வேலை போச்சுன்னு என் தம்பி ரூமைப் பூட்டிக்கிட்டான், யார் கெஞ்சியும் ராத்திரி வரைக்கும் திறக்கல. இந்த மாதிரி நேரத்துல பேசற போலீஸ்காரங்க முதல்ல கேட்டுட்டு அப்புறம்தான் பேசுவாங்களாம். கேக்கறதை எப்ப நிறுத்தி எடுத்துச் சொல்ல ஆரம்பிக்கணும்?

பதில்: நிறுத்தவே வேணாங்க. எஃப்பிஐ சொல்லிக்குடுக்கற முறையை ஒரு படிக்கட்டாத்தான் வரைவாங்க, மொத்தம் 5 படி. காது குடுத்துக் கேக்கறது, அவன் நிலைமை நமக்குப் புரியுதுன்னு காட்டறது, நம்ம மேல ஒரு நம்பிக்கை வர்றது, நம்ம பேச்சு எடுபடறது, கடைசியா அவன் மனசு மாறி வெளிய வர்றது. எந்தப் படியில நின்னாலும் கேக்கறது கூடவே இருக்கணும். வீட்ல என்ன பண்றோம்னா எடுத்த எடுப்புல நாலாவது படிக்குத் தாவறோம், "இது போனா வேற வேலை கிடைக்காதாடா"ங்கறோம். ஆறுதல்தான் சொல்றோம், ஆனா உள்ள இருக்கறவனுக்கு அது "உன் கஷ்டம் ஒண்ணும் பெரிசில்ல"ன்னுதான் கேக்கும்.

அவன் "அவ்ளோ வருஷம் உழைச்சேன், ஒரே மெயில்ல தூக்கிட்டாங்க"ன்னு கத்தறான்னு வைங்க. நீங்க "ஒரே மெயில்லயா..."ன்னு அவன் வார்த்தையையே மெதுவாத் திருப்பிச் சொல்லிட்டு வாயை மூடிக்கணும். அந்த மௌனம் நமக்குத் தாங்காது, எதையாவது சொல்லி நிரப்பத் தோணும், நிரப்பாதீங்க, அவனே பேசுவான். அப்புறம் "அவமானமா இருந்துச்சு போல"ன்னு ஒரு வார்த்தை. தப்பாச் சொல்லிட்டாலும் நல்லதுதான், "அவமானம் இல்ல, அப்பா மூஞ்சில எப்படி முழிக்கறது"ன்னு அவனே திருத்துவான், அப்பதான் வேலை பிரச்சினை இல்ல அப்பாதான் பிரச்சினைன்னு உங்களுக்கே தெரியும். "ஏன் இப்படிப் பண்ற"ன்னு மட்டும் கேக்காதீங்க, அது விசாரணை மாதிரி இருக்கும், "என்ன ஆச்சு"ன்னு கேளுங்க.

அவன் சொன்னதை நீங்க சுருக்கிச் சொல்லும்போது "ஆமா, அதான்"னு சொன்னா, குரல் இறங்கினா, "நாளைக்கு என்ன பண்றது"ன்னு உங்களையே கேட்டா, இப்ப உங்க பேச்சு எடுபடும். அப்பவும் பெரிசாக் கேக்காதீங்க. "அப்பாகிட்ட நீ சொல்றியா, இல்ல நீ பக்கத்துல இருக்கும்போது நான் சொல்லவா?" அவ்ளோதான். மறுபடி கத்த ஆரம்பிச்சா நீங்க அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம், கீழ இறங்கித் திரும்பக் கேளுங்க.

காரணமே இல்லாம திடீர்னு அமைதியானா மட்டும் சந்தோஷப்படாதீங்க. "சாகணும்னு நினைக்கறியா"ன்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நினைப்பை நாமளே கிளப்பின மாதிரி ஆயிடும்ங்கறது வெறும் பயம். ஆமான்னாலோ, கையில ஆயுதம் இருந்தாலோ, பதிலே வரலன்னாலோ உடனே அவசர உதவிக்குப் போன் பண்ணுங்க, அதுக்கு மேல வீட்டு ஆளுங்க வேலை இல்ல.

அடுத்தது நான் வாய் வலிக்கச் சொல்ற விஷயம். இப்படி ஒண்ணு நடந்தா "நான் பேசி இறக்கிடறேன்"னு ஒரு பெரிய மனுஷன் வந்து நிப்பார், ரெண்டு நாள் க்ளாஸ்ல சர்ட்டிபிகேட் வாங்கினவர் ஃபீஸ் கேப்பார், இன்னொருத்தர் போன்ல வீடியோ எடுப்பார், மூணு பேரையும் வாசலோட அனுப்பிடுங்க. உள்ள இருக்கறவன் ஒரு குரலைத்தான் நம்ப ஆரம்பிச்சிருப்பான், நாலு குரல் வந்தா எல்லாம் போச்சு. சிஸ்டமும் லேசுப்பட்டது இல்ல, ஒருத்தர் பேசிட்டிருக்கும்போதே மேலதிகாரி "இன்னும் எவ்ளோ நேரம்"னு வாட்சைப் பாப்பார். 1993-ல அமெரிக்காவுல வேகோங்கற ஊர் பக்கத்துல ஒரு மதக் குழு இருந்த இடத்தை எஃப்பிஐ சுத்தி வளைச்சு நின்னுச்சு, அந்த முற்றுகை 51 நாள் நடந்துச்சு, பேசறவங்க பேசிப் பேசி உள்ள இருந்து ஆட்களை வெளிய கொண்டு வந்தாங்க, அதே நேரத்துல இன்னொரு டீம் கரண்டைக் கட் பண்ணி ராத்திரியெல்லாம் சத்தமாப் பாட்டுப் போட்டுச்சு. கடைசியில தீப்பிடிச்சு உள்ள இருந்தவங்க எழுபதுக்கும் மேல செத்தாங்க. ஒரு கை குடுக்க இன்னொரு கை பிடுங்கினா எவன் நம்புவான்?

சரி, சொந்தக்காரங்களைப் பேசவே விடக்கூடாதான்னு கேப்பீங்க. விடலாம், ஆனா அவன் "அவளைக் கூப்பிடு"ன்னு சொன்னதும் பொண்டாட்டியைக் கதவு முன்னாடி கொண்டு போய் நிறுத்தறதுதான் இருக்கறதுலயே ஆபத்து. சில பேர் கூப்பிடறது சமாதானமாப் போறதுக்கு இல்ல, அவங்க கண்ணு முன்னாடியே ஏதாவது பண்ணிக்க, இல்ல அவங்களையே ஏதாவது பண்ண. அதனால முதல்ல "வந்தா என்ன சொல்லணும்னு நினைக்கற"ன்னு கேளுங்க. பதில் "ஸாரி கேக்கணும்"னா ஒரு மாதிரி, "கடைசியா ஒரு தடவை பாக்கணும்"னா வேற மாதிரி, ரெண்டாவது வந்தா வரவழைக்கவே கூடாது. முதல் பதிலா இருந்தாலும் அவங்களுக்குள்ள சண்டை எதைப் பத்தின்னு தெரிஞ்சுக்கிட்டு, என்ன பேசணும்னு முன்னாடியே சொல்லிக்குடுத்து, குரலை ரெக்கார்ட் பண்ணித்தான் போடணும். நேர்ல பாக்கறதெல்லாம் அவன் வெளிய வந்தப்புறம், அதுவும் பக்கத்துல ஆள் இருக்கும்போது.