ஸ்பைருலினா, கடற்பாசி, பூச்சி: ஒரு ஸ்பூனில் எவ்வளவு புரதம்?

கேள்வி: நான் தர்மபுரியில் ஜிம்முக்குப் போகிறேன், எடை 60 கிலோ. ஸ்பைருலினாவில் 60 சதவீதம் புரதம், கடற்பாசியிலும் பூச்சிப் பொடியிலும் நிறைய இருக்கிறது என்கிறார்கள். நிஜமாக ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு கிடைக்கும்? முட்டைக்கும் பருப்புக்கும் பதிலாக இவற்றைச் சாப்பிடலாமா?

பதிலாக முடியாது. கூடவே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த 60 சதவீதம் பொய் இல்லை. ஸ்பைருலினா என்பது தண்ணீரில் வளரும் நுண்பாசி; அதை உலர்த்திய 100 கிராம் பொடியில் 57 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆனால் 100 கிராமை யாரும் சாப்பிடுவதில்லை. ஒரு டீஸ்பூனில் பொடியை எடுத்து, மேலே வழித்துவிட்டுத் தராசில் வைத்தால் இரண்டரை முதல் மூன்று கிராம்தான் வரும். அதில் புரதம் ஒன்றரை கிராம் சுமார். பெரிய டேபிள்ஸ்பூன் என்றால் பொடி 7 கிராம், புரதம் 4 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. மாத்திரை வாங்குகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 0.3 கிராம்தான். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை விழுங்கினாலும் 2 கிராமைத் தொடாது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஐசிஎம்ஆர் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோவுக்கு அது 50 கிராம். எடை தூக்குகிறவர் என்பதால் 1.2 கிராம் என்று வைத்தாலும் 72 ஆகிறது. குறைந்தபட்சமான அந்த 50 கிராமை ஸ்பைருலினாவிலிருந்து மட்டும் எடுக்கப் பார்த்தால் 85 கிராமுக்கு மேல் பொடி வேண்டும். கிட்டத்தட்ட 30 டீஸ்பூன்! அந்தப் பச்சை வாசனையோடு மூன்று ஸ்பூனை மோரில் கலக்கிக் குடித்துப் பாருங்கள், நான்காவது உள்ளே போகாது. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரை மக்கள் தலைமுறைகளாக இதை உலர்த்தி, வில்லையாக்கி, குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கே ஒரு வேளைக்குச் சுமார் 10 கிராம்தான் சேர்கிறது. பழகியவர்களின் நிஜமான அளவே இவ்வளவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்பாசியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானியர்கள் சோறு சுருட்டும் நோரி தாளில் எடைக்கு எடை புரதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு தாளே இரண்டரை, மூன்று கிராம் என்பதால் அதிலிருந்து கிடைப்பது ஒரு கிராம் அளவு. கொம்பு என்ற தடித்த வகையை நிறையச் சாப்பிட்டு ஈடுகட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். உலர்ந்த ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருப்பது சாதாரணம். நமக்கு ஒரு நாளுக்குத் தேவை 150. தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் மளிகைக் கடையில் ‘கடல்பாசி’ என்று கேட்டால் தருவது வெள்ளை நாராக இருக்கும் அகர் அகர். ரம்ஜான் மாதத்தில் கிருஷ்ணகிரியில் பல வீடுகளில் பாலில் காய்ச்சி, தட்டில் ஊற்றி, துண்டு போடுவார்கள். ஒரு லிட்டர் பாலுக்கு 10 கிராம் பாசி போட்டால், பாசியிலிருந்து வரும் புரதம் தட்டு முழுவதற்கும் ஒரு கிராம்கூட இல்லை. பாலிலிருந்து 30 கிராமுக்கு மேல் வரும். அந்த இனிப்பு சத்தானதுதான், சத்து பாலுடையது.

அப்புறம் பூச்சி. இதற்காக வெளிநாட்டு வெட்டுக்கிளிப் பொடியைத் தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் கிராமங்களில் முதல் மழை விழுந்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை வெளிச்சம் காட்டிப் பிடித்து, இறகை உதிர்த்து, வறுத்து, பொரியோடும் கடலையோடும் கலந்து தின்கிறார்கள். வறுத்த ஈசலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம், அதைவிடச் சற்று அதிகமாகவே கொழுப்பு. கையளவு, அதாவது 15 கிராம் எடுத்தால் 5 கிராம் புரதம். அதே அளவு வேர்க்கடலையில் 4 கிராம். நல்ல உணவு, எனக்கும் பிடிக்கும். ஆனால் வருடத்தில் சில மாலைகளே கிடைப்பதை தினசரிக் கணக்கில் எழுத முடியாது. கரையான் மருந்து அடித்த தோட்டத்திலோ கட்டிடத்தின் பக்கத்திலோ கிளம்பிய ஈசலைத் தின்னவும் கூடாது.

பட்டுக்கூட்டுப்புழுவையும் சிலர் கேட்கிறார்கள், பட்டு வளர்ப்பு நம் இரண்டு மாவட்டங்களிலும் அதிகம் என்பதால். சதவீதம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. உலர்ந்த புழுவில் 50 சதவீதத்துக்கு மேல் புரதம் என்று எழுதியிருப்பார்கள். ஈரமான புழுவில் முக்கால் பங்கு தண்ணீர், எனவே அதே புழுவில் 14 சதவீதம் சுமார்தான். பத்துப் புழு தின்றால் 2 கிராம் சேரும். அசாமில் ‘எரி’ என்ற வகைப் பட்டுப்புழுவைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள். ஆனால் இங்கே நூல் எடுத்தபின் கிடைக்கும் புழு சாப்பாட்டுக்கென்று கையாளப்படுவதில்லை, சீக்கிரம் கெட்டு நாறிவிடும். கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் போகட்டும்.

பூச்சிப் பொடி பாக்கெட்டில் புரதம் 65 சதவீதம் என்று போட்டிருந்தால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். சோதனைக்கூடத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். பூச்சியின் ஓட்டில் இருக்கும் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அதுவும் புரதமாக எண்ணப்பட்டுவிடுகிறது. இதனால் சில புழுக்களுக்கு 4.76 போதும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 65 என்பது 50க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் பொடியை 8 கிராம் என்று வைத்தால் 4 கிராம் புரதம்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களியில் 7 கிராம். அதோடு ஒரு ஆளுக்கு 30 கிராம் கொள்ளு வரும்படி கடைந்தால் ஆறரை. இரண்டு முட்டை 12. ஒரு டம்ளர் பால் 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம் என்றால் 7க்கு மேல். இதிலேயே 38, 39 வந்துவிட்டது. இன்னொரு வேளைச் சோறும் பருப்பும் சேர்ந்தால் 50ஐத் தாண்டும், 72 வேண்டும் என்றால் மாலையில் சுண்டலும் தயிரும் கூட்டுங்கள். ஒரு டீஸ்பூன் ஸ்பைருலினா இந்தக் கணக்கில் ஒன்றரையைத்தான் கூட்டும்.

ஏற்கனவே பாக்கெட் வாங்கிவிட்டீர்கள் என்றால் வீணாக்க வேண்டாம், தினம் ஒரு டீஸ்பூன் மோரில் போட்டுக் குடியுங்கள். ஆனால் அதில் பி12 இருக்கிறது என்று நம்பி பாலையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள், அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத வகை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர் என்றால் ஈசலும் பூச்சிப் பொடியும் வேண்டவே வேண்டாம். ஒவ்வாமை உண்டாக்கும் அதே டிரோபோமயோசின் புரதம் இரண்டிலும் இருக்கிறது. உதடு வீங்குவதும் தொண்டை அடைப்பதும் ஒரு ஸ்பூனிலேயே தொடங்கிவிடலாம்.