டான் ஷூ, ஆரஞ்சு பெல்ட், கறுப்பு ஸ்ட்ராப்

அன்புள்ள அண்ணா,

கோவையில் புதிதாக ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறேன். டான் நிறத்தில் லெதர் ஷூ வாங்கினேன். பெல்ட்டையும் ‘டான்’ என்று பார்த்துத்தான் ஆன்லைனில் வாங்கினேன். சேர்த்துப் போட்டால் பெல்ட் மட்டும் ஆரஞ்சு அடிக்கிறது. அப்பா கொடுத்த ஸ்டீல் கேஸ் வாட்ச்சில் கறுப்பு லெதர் ஸ்ட்ராப் இருக்கிறது. பேண்ட் நேவி ப்ளூ, கிரே, கறுப்பு என்று மூன்று. எல்லாமே ஒரே நிறத்தில் இருந்தே ஆக வேண்டுமா?

பி., கோவை

அன்புள்ள தம்பி,

ஷூவும் பெல்ட்டும்தான் சேர வேண்டும். ஸ்ட்ராப் அதே குடும்பத்தில் இருந்தால் போதும். நீ நிற்கும்போது பேண்ட்டின் மேல் முனையில் பெல்ட், கீழ் முனையில் ஷூ, இரண்டும் ஒரே பார்வையில் தெரியும். வாட்ச் பாதி நேரம் சட்டைக் கைக்குள் இருக்கும். அதனால் அங்கே சாயல் கொஞ்சம் விலகினாலும் கண்ணை உறுத்தாது. ஆனால் பிரவுன் ஷூ, பிரவுன் பெல்ட்டோடு கறுப்பு ஸ்ட்ராப் போடாதே. அது வேறு குடும்பம். கம்ப்யூட்டர் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தால் அது மட்டும் தனியாகத் தெரியும்.

இப்போது அந்த ஆரஞ்சு விஷயம். டான் என்பதற்குக் கம்பெனிகளுக்குள் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய டான் தேன் நிறம், இன்னொருவருடையது செங்கல் பக்கம் சாயும். போட்டோவில் அது தெரியாது. கடையின் மஞ்சள் விளக்கிலும் தெரியாது, அந்த வெளிச்சத்தில் எல்லாப் பிரவுனும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே ஷூவில் ஒன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. பிடித்த பெல்ட்டைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில், ஷூவின் பக்கவாட்டில் வைத்துப் பார். இரண்டில் எது சிவக்கிறது, எது மஞ்சளடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். வெளுப்பு, அடர்த்தியில் வரும் வித்தியாசத்தை விட இந்தச் சிவப்பு, மஞ்சள் வித்தியாசம்தான் அதிகம் உறுத்தும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால், பெல்ட் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தாலும் எடுத்துக்கொள்.

கொஞ்சம் அடர்த்தியாக எடுப்பதே நல்லது என்றுகூடச் சொல்வேன். ஷூவுக்கு நீ பாலிஷ் போடுவாய், பெல்ட்டுக்குப் போட மாட்டாய். கலர் பாலிஷ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறத்தை விட்டுவிட்டுப் போகும். முன்பக்க மூக்கிலும் மடிப்பு விழும் இடத்திலும் அது முதலில் சேரும். டான் ஷூ நாளடைவில் பிரவுன் பக்கம் நகர்ந்துவிடும், பெல்ட் வாங்கிய நிறத்திலேயே நிற்கும். ஷூ இதே நிறத்தில் இருக்க வேண்டுமானால் நிறமில்லாத நியூட்ரல் பாலிஷ் மட்டும் போடு.

அந்த ஆரஞ்சு பெல்ட்டை டார்க் பாலிஷ் போட்டு மாற்றலாம் என்று நினைக்காதே. மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ள பெல்ட்டில் நிறம் இறங்காது. மேலாக ஒட்டி நின்று, டக்-இன் செய்த வெள்ளைச் சட்டையில் கறையாக இறங்கும். அதை ஜீன்ஸுக்கு வைத்துக்கொள். ஆபீஸ் பெல்ட் அகலம் 3 முதல் 3.5 செ.மீ. போதும். பேண்ட் 32 என்றால் பெல்ட் 34 கேள். ஐந்து ஓட்டைகளில் நடு ஓட்டையில் மாட்ட வர வேண்டும்.

வாட்ச்சை மாற்ற வேண்டாம், ஸ்ட்ராப்பை மட்டும் மாற்று. ஸ்ட்ராப் கேஸுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு கொம்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஸ்கேலால் அள. பெரும்பாலும் 18, 20, 22 மி.மீ.யில் ஒன்றாக இருக்கும். அந்த அளவில் டார்க் பிரவுன் ஒன்று வாங்கு. டானே வேண்டாம், அது மறுபடி சாயல் பிரச்சினையில் கொண்டு விடும். டார்க் பிரவுன் எந்தப் பிரவுன் ஷூவோடும் போய்விடும். கேஸ் ஸ்டீல் என்பதால் ஸ்ட்ராப் பக்கிளும் பெல்ட் பக்கிளும் வெள்ளி நிறத்தில் இருக்கட்டும். பழைய கறுப்பு ஸ்ட்ராப்பை வீசாதே, கறுப்பு ஷூ வாங்கும்போது வேண்டும்.

பேண்ட் விஷயத்தில் நேவிக்கும் கிரேவுக்கும் இந்த டான் ஷூ சரி, அதிலும் நேவிக்கு மிக நன்றாக இருக்கும். கறுப்பு பேண்ட்டுக்கு மட்டும் போடாதே. கறுப்புக்குக் கீழே டான் பளிச்சென்று அடித்து, பார்ப்பவர் கண்ணைக் காலுக்கு இழுத்துவிடும். கறுப்பு ஷூவும் கறுப்பு பெல்ட்டும் வாங்கும்வரை அந்தப் பேண்ட் அலமாரியில் இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், நீ பைக்கில்தான் ஆபீஸ் போகிறாயா? வெயிலில் போய் வந்தால் லெதர் ஸ்ட்ராப்பின் அடிப்பக்கம் வியர்வையைக் குடித்துக் கறுக்கும், ஓட்டைகளைச் சுற்றி விறைக்கும், அப்புறம் நாற்றம் பிடிக்கும். மணிக்கட்டு அதிகம் வியர்க்கும் என்றால் லெதரே வேண்டாம், அதே அளவில் ஒரு ஸ்டீல் செயின் போட்டுவிடு. அது பிரவுனோடும் போகும், கறுப்போடும் போகும்.

அன்புடன்,
அண்ணன்