குறைந்த எடையில் பிறந்த மகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருமா?

கேள்வி: என் மகள் 38 வாரம் முடிந்து 2.1 கிலோ எடையில் பிறந்தாள். கர்ப்பமானபோது என் எடையே 39 கிலோதான். கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பெரியவர்களானதும் சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும் என்று படித்ததிலிருந்து மனம் நிம்மதியாக இல்லை. 3 வயது வரை ஏற்காட்டில் என் அம்மா வீட்டில் வளர்ந்தாள், இப்போது சேலத்தில் எங்களோடு இருக்கிறாள். வளர்ச்சி அட்டையில் உள்ளபடி 2 வயதில் 9.8 கிலோ, 82 செ.மீ.; 3 வயதில் 11.8 கிலோ, 91 செ.மீ.; 4 வயதில் 14 கிலோ, 98 செ.மீ.; இப்போது 5 வயதில் 18.5 கிலோ, 105 செ.மீ. எடை சரியாகிவிட்டது என்று மாமியார் மகிழ்கிறார். பயப்பட வேண்டுமா? இது என் தவறா?
– ஒரு தாய், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இது உங்கள் தவறு அல்ல. ஒரு பெண் கர்ப்பம் தரிக்கும் நாளில் எத்தனை கிலோ இருக்கிறாள் என்பது அவள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் என்ன கிடைத்தது, எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தாள், ரத்தசோகையை யாராவது கவனித்தார்களா என்பனவற்றால் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிற ஒன்று. அந்தப் பத்து மாதங்களில் உங்களால் மட்டும் அதை மாற்றியிருக்க முடியாது.

நீங்கள் படித்த கருத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பகுதியில் 1911 முதல், எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற சுகாதார அதிகாரியின் மேற்பார்வையில், குழந்தைகளின் பிறப்பு எடையும் ஒரு வயது எடையும் பேரேடுகளில் எழுதி வைக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளில் இருந்த 5,654 ஆண்கள் பிற்காலத்தில் எதனால் இறந்தார்கள் என்று தேடிப் பார்த்து 1989-இல் வெளியிட்டார். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களே மாரடைப்பால் அதிகம் இறந்திருந்தார்கள். கருவில் உணவு போதாதபோது உடல் மூளையைக் காப்பாற்றிக்கொண்டு தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறது, அந்தக் குறை நிலைத்துவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

இதில் ஒரு பகுதி உறுதியானது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஏறக்குறைய 36-ஆம் வாரம் வரைதான் உருவாகின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் புதிதாக ஒன்றுகூட உருவாகாது. திறந்து மூடிவிடும் இத்தகைய காலத்தைத்தான் மருத்துவத்தில் நெருக்கடிக் காலம் என்கிறோம். குறைந்த நெஃப்ரான்களோடு பிறந்தவருக்கு ரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், உங்கள் மகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, குழந்தைகளுக்கான சிறிய பட்டையைக் கொண்டு ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அளவு தவறாக வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் சர்க்கரை நோய் அப்படி ஒரே காலத்தில் முடிவாகிற விஷயம் அல்ல. கருவில் தொடங்கும் குறையின் மேல் பிறகு வரும் ஆண்டுகள் எதைச் சேர்க்கின்றன என்பதைப் பொறுத்தே அது வெளிப்படுகிறது. இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஆய்வுதான் எனக்குத் தெரிந்து மிக நல்ல சான்று. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைச் சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப எடை பார்த்து, உயரம் அளந்து வைத்திருந்தார்கள். அவர்களில் 1,492 பேருக்கு, 26 முதல் 32 வயதுக்குள் இருந்தபோது, சர்க்கரைப் பரிசோதனை செய்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரைக் கோளாறு வந்திருந்தவர்கள் 2 வயது வரை மெலிந்திருந்தவர்கள். அதன் பிறகு மற்ற குழந்தைகளைவிடச் சீக்கிரமாகச் சதை பிடிக்கத் தொடங்கி, பெரியவர்களாகும் வரை வளர்ச்சி அட்டையில் தங்கள் பழைய வளர்ச்சிக் கோட்டிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனவர்கள். இத்தனைக்கும் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல் பருமன் உள்ளவராக இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அவர்கள் சாதாரணப் பிள்ளைகளாகவே தெரிந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் மகளின் அட்டைக்கு வருவோம். எடையை மட்டும் பார்த்தால் மாமியாரின் மகிழ்ச்சி நியாயமானதுதான், ஏனெனில் 5 வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் நடு எடை 18.2 கிலோ, மகள் அதைத் தொட்டுவிட்டாள். ஆனால் எடையை மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்துப் பாருங்கள். இதைத்தான் பி.எம்.ஐ. என்கிறோம். 2 வயதில் 14.6, 3 வயதில் 14.2, 4 வயதில் 14.6, இப்போது 16.8 என்று வருகிறது. நடுத்தரக் குழந்தைக்கு இந்த எண் 2 வயதில் ஏறக்குறைய 15.7 ஆக இருந்து மெல்ல இறங்கி, 5 வயதில் 15.3 அளவில் இருக்கும். 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில்தான் பொதுவாக மீண்டும் ஏறத் தொடங்கும். உங்கள் மகளுக்கு அந்தத் திருப்பம் 3 வயதிலேயே வந்துவிட்டது. 2 வயதில் நடுக்கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தவள் இன்று அதற்கு அதே அளவு மேலே இருக்கிறாள்.

உயரமோ அப்படி ஏறவில்லை. 5 வயதுக்கான நடு உயரம் 109 செ.மீ.க்குச் சற்று மேல். அவள் இன்னும் அதற்கு 4 செ.மீ. கீழேயே இருக்கிறாள். கடந்த ஓர் ஆண்டில் கூடிய 4.5 கிலோ, இந்த வயதில் வழக்கமாகக் கூடும் ஏறத்தாழ 2 கிலோவைவிட இரு மடங்குக்கும் மேல். உயரம் அதே வேகத்தில் கூடியிருந்தால் இதை நல்ல மீட்சி என்று நானும் சொல்லியிருப்பேன். உயரம் பின்தங்கி எடை மட்டும் முந்தும்போது, கூடுவதில் பெரும்பகுதி கொழுப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் குழந்தைகளிடம் இந்தச் சாய்வு பிறப்பிலேயே இருக்கிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறந்த குழந்தைகளை, 3.5 கிலோவில் பிறந்த இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, நம் குழந்தைகளின் தசையும் வயிற்று உறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை.

அதற்காக முதல் இரண்டு ஆண்டுகளில் ஊட்டியது தவறு என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்காட்டில் உங்கள் அம்மா அவளை 2 வயதுக்குள் 9.8 கிலோவுக்குக் கொண்டுவந்தது மிக நல்ல வேலை. ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பேரேட்டிலும் ஒரு வயதில் நல்ல எடையை எட்டியவர்களே மாரடைப்பிலிருந்து அதிகம் தப்பினார்கள். டெல்லியிலும் 2 வயது வரை மெலிந்திருந்ததுதான் ஆபத்தின் முதல் பாதி. அந்த வயதில் கூடும் எடை பெரும்பாலும் உயரத்துக்கும் தசைக்கும் போகிறது. அதே அக்கறையை 3 வயதுக்குப் பிறகும் அதே வடிவில் தொடர்வதால்தான் சிக்கல் வருகிறது.

பெரும்பாலான வீடுகளில் இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், உங்கள் வீட்டிலும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். காலையும் மாலையும் ஒரு தம்ளர் பால், ஒவ்வொன்றிலும் கடையில் வாங்கிய சத்துப் பவுடர், அதற்கு மேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பவுடரிலேயே சர்க்கரை உண்டு. கூடவே பிஸ்கட், மாலையில் தட்டுவடை செட்டு, டிவி முன்னால் ஊட்டிவிடும் சோறு. மலையில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி விளையாடிய பிள்ளைக்கு இங்கே தெருவில் இறங்கவும் இடமில்லை. பாலை வெறும் பாலாகக் கொடுங்கள். பவுடரை நிறுத்துவதால் அவளுக்கு எந்தச் சத்தும் குறைந்துவிடாது. முட்டை, பருப்பு, வேர்க்கடலை, கீரை, கேழ்வரகு ஆகியவற்றைக் குறைக்கவே கூடாது, ஏனெனில் உயரத்துக்கும் தசைக்கும் அவைதான் வேண்டும். ஊட்டிவிடாமல் அவளே சாப்பிடட்டும். போதும் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். பட்டினி போடவும் வேண்டாம், எடையைக் குறைக்கவும் வேண்டாம். எடை ஏறும் வேகம் தணிந்து உயரம் கூடினாலே போதும்.

எப்படித் தெரிந்துகொள்வது? ஆறு மாதம் கழித்து, செருப்பில்லாமல் சுவரோடு நிற்கவைத்து உயரத்தை அளந்து, அதே தராசில் எடை பாருங்கள். உயரம் 3 செ.மீ. கூடி 108 ஆகவும், எடை அரை கிலோ மட்டும் கூடி 19 ஆகவும் இருந்தால் பி.எம்.ஐ. 16.3-க்கு இறங்கியிருக்கும், திருப்பம் தணிகிறது என்று அர்த்தம். அதுவே 17-ஐத் தாண்டிப் போயிருந்தால், அல்லது உயரம் 2 செ.மீ. கூட ஏறாமல் நின்றிருந்தால், அட்டையோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்; உயரம் நிற்பதற்குத் தைராய்டு போன்ற வேறு காரணங்களும் உண்டு. இப்போதைக்குச் சர்க்கரைப் பரிசோதனை தேவையில்லை. 10 வயதிலோ பூப்பெய்தும் நேரத்திலோ உயரத்துக்கு மீறிய எடை தொடர்ந்தால் அப்போது செய்யலாம்.

இந்த ஆய்வுகள் எதைச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களிடையே காணும் சராசரி வேறுபாடு, ஒரு குழந்தையின் ஜாதகம் அல்ல. டெல்லி ஆய்விலும் அந்த இளம் வயதில் பெரும்பாலானோருக்குச் சர்க்கரை சரியாகவே இருந்தது. பிறப்பு எடைக்கும் பிற்கால ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் பெரிதாகத் தோன்றி, அதிகப் பேரை வைத்துச் செய்த ஆய்வுகளில் வெகுவாகச் சுருங்கியது. இன்சுலினைச் சரியாகச் சுரக்கவிடாத அல்லது வேலை செய்யவிடாத ஒரே மரபுக்கூறு, கருவில் எடையையும் குறைத்து, பிறகு சர்க்கரை நோயையும் தரலாம் என்ற விளக்கமும் இருக்கிறது, ஏனெனில் கருவில் வளர்ச்சிக்கு இன்சுலின் தேவை. ஆகவே உங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறதா, எந்த வயதில் வந்தது என்பதையும் மகளின் அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே உங்கள் எடையையும் ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொண்டு, எடையை 45 கிலோவுக்காவது கொண்டுவந்த பிறகு முடிவு செய்யுங்கள்.