கப்பின் ஆவி படத்தில் தெரிய

"ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்கிறேன். காபி ஆவி கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் இல்லை."

நீங்கள் நிற்கும் இடம்தான் சிக்கல். ஆவி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வந்தால்தான் அவை பளிச்சென்று தெரியும். மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் வாருங்கள், ஜன்னல் கப்புக்குப் பின்னால் சற்றே ஓரமாக இருக்கட்டும். ஆனால் ஜன்னலே ஆவிக்குப் பின்னணியாகிவிட்டால் மறுபடி காணாமல் போகும். அதனால் காபிக்கொட்டைச் சணல் மூட்டை ஒன்றைக் கப்புக்குப் பின்னால் நிமிர்த்தி வையுங்கள். சணல் வெளிர் நிறம்தான், என்றாலும் அதன் நிழல் பக்கம் உங்களைப் பார்த்திருப்பதால் தேவையான இருட்டு கிடைத்துவிடும். அப்புறம், மின்விசிறியை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகே காபியை ஊற்றுங்கள். ஷட்டர் வேகம் 1/125 நொடியில் எனக்கு ஆவி இழை இழையாக வந்தது, 1/15-இல் வெறும் மூட்டமாகக் கலைந்துவிட்டது.